கதவுக்கு வெளியே இன்னொரு கதவு: வீட்டில் டெராரியா சர்வர் வைத்த அனுபவம்

தம்பி ஓசூரில், சித்தி மகன் பெங்களூரில், நான் திருச்சியில். சனிக்கிழமை இரவுகளில் மூவரும் டெராரியா என்ற கணினி விளையாட்டை ஆடுவோம். ஸ்டீம் வழியாக அழைத்து ஆடினால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். ஆனால் உலகத்தைத் திறந்தவர் வெளியேறினால் மற்ற இருவருக்கும் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும். நான் தூங்கப் போன பிறகும் அவர்கள் ஆடட்டும் என்று, பழைய லேப்டாப் ஒன்றில் அதன் சர்வர் நிரலான TerrariaServer.exe-ஐத் தனியாக ஓடவிட்டேன்.

கறுப்புத் திரையில் அது வரிசையாகக் கேட்கும். எந்த உலகம், எத்தனை பேர், இணைப்பு எந்த போர்ட் எண்ணில் வர வேண்டும் (எதுவும் சொல்லாவிட்டால் 7777), அப்புறம் இது:

```
Automatically forward port? (y/n):
```

y என்று கொடுத்தேன். வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டில் எந்தக் கருவிக்குக் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது. அதனால் உள்ளே விடாது. "7777-க்கு வருவதை இந்த லேப்டாப்புக்கு அனுப்பு" என்று நாமே ரவுட்டரில் எழுதி வைப்பது போர்ட் ஃபார்வர்டிங். அதையே சர்வர் ரவுட்டரிடம் கேட்டு எழுத வைத்துக்கொள்வது யூபிஎன்பி.

ரவுட்டரின் UPnP பக்கத்தில் 7777, TCP, 192.168.0.23 என்று ஒரு வரி வந்திருந்தது. எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். தம்பி போனில், "அண்ணா, சுத்திக்கிட்டே இருக்கு, உள்ள போகல" என்றான். வீட்டுக்குள் இருந்த இன்னொரு கணினியில் 192.168.0.23 என்று கொடுத்துப் பார்த்தேன், உடனே சேர்ந்தது. அப்படியானால் சர்வர் நன்றாக ஓடுகிறது. கோளாறு வெளியே.

அன்று ஒரு மணி நேரம் வீணாகத் தேடிய பிறகுதான் ரவுட்டரின் Status பக்கத்தில், அதன் வெளிப்பக்க முகவரியைக் காட்டும் `WAN IP` என்ற வரியைப் பார்த்தேன். 192.168.1.7 என்று இருந்தது. 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி. இணையத்தில் அதற்கு மதிப்பில்லை. இணைய நிறுவனம் மாட்டிய ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டராக வேலை செய்துகொண்டிருந்தது. என் ரவுட்டர் அதற்குப் பின்னால் இருந்தது. யூபிஎன்பி திறந்தது உள் கதவை மட்டும். வெளிக்கதவு பூட்டியே இருந்தது.

நிறுவனத்துக்கு போன் செய்து ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொன்னேன். இனி அது வெறும் கம்பி மாதிரி. இணைய லாகின் என் ரவுட்டரிலேயே. மாற்றியதும் `WAN IP` 100.81 என்று தொடங்கியது. பார்க்க வெளி முகவரி மாதிரியே இருந்தாலும் அதுவும் இல்லை. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகளை, நிறுவனங்கள் பல வீடுகளை இணையத்தில் தெரியும் ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கினார்கள். இதை சிஜிநாட் என்பார்கள். இந்த மூன்றாவது கதவு நிறுவனத்தின் கருவியில் இருக்கிறது. நம் ரவுட்டரில் என்ன எழுதினாலும் அது திறக்காது.

சர்வர் வைக்க நினைப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். `WAN IP`-யில் இருக்கும் எண்ணும், பிரவுசரில் "what is my ip" என்று தேடினால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் போர்ட் பக்கத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். நான் கூடுதல் கட்டணம் கட்டி, எங்கள் வீட்டுக்கே உரிய மாறாத வெளி முகவரியான ஸ்டேட்டிக் ஐபி வாங்கினேன். மறுநாள் இரண்டு எண்களும் ஒன்றாயின. தம்பி முதல் முயற்சியிலேயே உள்ளே வந்துவிட்டான்.

அந்தச் சந்தோஷத்தில் UPnP பக்கத்தை மறுபடி திறந்தபோது 7777-க்குக் கீழே இன்னொரு வரி கண்ணில் பட்டது: 554, TCP, 192.168.0.40. அது வாசலில் மாட்டிய கேமரா. 554 வீடியோ ஓடும் போர்ட். யாரையும் கேட்காமல் கேமராவே திறந்து வைத்திருக்கிறது. யூபிஎன்பி பாஸ்வேர்ட் கேட்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் திறந்துவிடும். மூன்று கதவுக்குப் பின்னால் இருந்தவரை அந்த வரியால் ஆபத்து இல்லை. ஸ்டேட்டிக் ஐபி வந்த நிமிடம், எங்கள் வாசல் கேமரா உலகத்துக்கே எட்டும் தூரத்தில் இருந்தது. எனக்குப் பதறிவிட்டது.

உடனே யூபிஎன்பியை அணைத்து, ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து, பட்டியல் காலியானதை உறுதி செய்துகொண்டேன். பிறகு Virtual Server பக்கத்தில் 7777, TCP, 192.168.0.23 என்று கையாலேயே எழுதினேன். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுத்த வாரம் கரண்ட் போய் வந்ததும் லேப்டாப்புக்கு 192.168.0.31 கிடைத்தது, ஃபார்வர்டிங் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. Address Reservation பக்கத்தில் லேப்டாப்பின் அடையாள எண்ணான மேக் முகவரியோடு .23-ஐக் கட்டிப்போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. சர்வருக்கு பாஸ்வேர்டும் வைத்துவிட்டேன்.

சோதித்துப் பார்ப்பவர்கள் வீட்டு வைஃபையிலிருந்து பப்ளிக் ஐபியைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். சில ரவுட்டர்கள் உள்ளிருந்து வெளியே போய்த் திரும்பி வருவதை ஏற்காது. சரியாக இருந்தாலும் தவறு என்று தோன்றும். நான் அந்த இன்னொரு கணினியை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத்தான் பார்த்தேன். அப்போது சர்வரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் திறந்த போர்ட்டும் மூடியதாகவே தெரியும்.