வாடிப்போன படத்தில் பீஸ் லில்லி

அக்னி நட்சத்திரம் முடிகிற சமயம். குடியாத்தத்திலிருந்து சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைப் பீங்கான் தொட்டி, அதிலிருந்து நாலாபக்கமும் சரிந்து கிடக்கும் பச்சை இலைகள், அடியில் இரண்டு மஞ்சள் இலைகள். கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, இது இன்னா செடி? நர்சரில ஏர் ப்யூரிஃபையர் செடின்னு குடுத்தாங்க. தெனம் தண்ணி ஊத்துறேன், அப்பவும் இப்டித் தொங்கிப் போய்க் கீது."

படத்தைப் பார்த்துச் செடிக்குப் பேர் சொல்வது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அதில் எனக்குள்ள பழக்கம், வாடின இலையை நம்பிப் பேர் சொல்வதில்லை. தொங்குகிற இலை தன் வடிவத்தை மறைக்கும். வெளிச்சம் போதாமல் வளர்ந்த இலை குறுகலாகி வேறொரு செடி போல இருக்கும். மஞ்சள் ஏறின இலையை இரண்டு கலர் ரகம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இந்தப் படத்தைப் பார்த்த என் மனைவியே, "டைஃபன்பேக்கியா மாதிரி இருக்கே, மஞ்சள் கோடு ஓடுது பாருங்க" என்றாள். கலர் ரகமாக இருந்தால் அந்தக் கோடு புதிதாக விரியும் இலையிலும் இருக்கும், பல ரகங்களில் பச்சையும் மஞ்சளும் சேரும் ஓரம் தெளிவாக இருக்கும். இங்கே மஞ்சள் கீழே உள்ள கிழட்டு இலைகளில் மட்டும்தான் இருந்தது. பச்சைக்குள் புகை மாதிரி கலந்து போயிருந்தது. அது நிறமில்லை, நோவு.

அதனால் வேறு படங்கள் கேட்டேன். ஃப்ளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் எடுக்கச் சொன்னேன். முழுச் செடி ஒன்று, மண்ணிலிருந்து காம்பு கிளம்பும் இடம் ஒன்று, இருப்பதிலேயே புதிய இலையின் முகமும் முதுகும், கடைசியாகத் தொட்டியின் அடி.

காம்பு கிளம்பும் இடத்தின் படம்தான் பாதி வேலையை முடித்தது. தண்டு என்று ஒன்று வெளியே தெரியவில்லை. நீளக் காம்புகள் மண்ணிலிருந்தே கொத்தாக, ஒன்றன் அடியை ஒன்று தழுவிக்கொண்டு வந்திருந்தன. டைஃபன்பேக்கியா என்றால் தடித்த தண்டு தெரியும், பழைய இலை விழுந்த தழும்புகள் வளையம் வளையமாக இருக்கும். அக்லோனிமாவுக்கும் வயதானால் தண்டு தெரியும், பெரும்பாலான ரகங்களில் வெள்ளியோ சிவப்போ தீட்டியிருக்கும். புதிய இலையின் படத்தில் இன்னொரு அடையாளம். காம்பும் இலையும் சேருவதற்குச் சற்றுக் கீழே, காம்பு லேசாகத் தடித்து முட்டி மாதிரி வளைந்திருந்தது. நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் நெருக்கமாகக் கிளம்பி நுனிப் பக்கம் வளைந்து ஓட, இலையின் முகம் வரிவரியாகப் பள்ளம் விழுந்தது போலிருந்தது. ஆந்தூரியத்துக்கும் முட்டி உண்டு. ஆனால் கடைகளில் விற்கிற சாதாரண ஆந்தூரியத்தின் இலை இதய வடிவம். இது ஈட்டி முனை போல நீளம்.

பீஸ் லில்லி. ஸ்பாத்திஃபில்லம். இதில் பூ இல்லை, அதனால் எந்த ரகம் என்று நான் சொல்லப் போகவில்லை. பராமரிப்புக்கு அது தேவையுமில்லை. வாங்கும்போது வெள்ளைப் பூ இருந்ததாம், அப்புறம் வரவே இல்லையாம். அதில் அதிசயமில்லை. விற்பனைக்கு வளர்க்கும் இடங்களில் ஜிப்பரெல்லிக் அமிலம் தெளித்துப் பூக்க வைப்பது வழக்கம். வீட்டுக்கு வந்த பிறகு அது தன் பாட்டுக்கு, வெளிச்சம் போதுமான இடத்தில்தான் பூக்கும்.

பேர் சொல்லியாயிற்று. ஏன் தொங்குகிறது என்பது வேறு கேள்வி, அதற்குப் படம் பதில் சொல்லாது. பீஸ் லில்லி தாகம் எடுத்தாலும் இப்படித்தான் சரியும், வேர் அழுகினாலும் இப்படித்தான் சரியும். இரண்டிலும் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பதுதான் விஷயம். ஒன்றில் மண்ணில் தண்ணீர் இல்லை, மற்றதில் உறிஞ்ச வேர் இல்லை. தாகமாக இருந்தால் தண்ணீர் ஊற்றின சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். அழுகலாக இருந்தால் ஊற்றுகிற ஒவ்வொரு சொம்பும் மிச்சமிருக்கும் வேரையும் கெடுக்கும். ஆகவே, படத்தை வைத்து "தண்ணி ஊத்து" என்றும் சொல்லக்கூடாது, "ஊத்தாதே" என்று மாதக்கணக்கில் நிறுத்தவும் கூடாது. எது உண்மையானாலும் கெடுதல் செய்யாததை மட்டும் முதலில் சொன்னேன். வெயில் நேராக விழாத இடத்துக்கு நகர்த்து. உரம், மருந்து எதுவும் வேண்டாம். சோதித்துப் பார்க்கும் வரைக்கும் தண்ணீரும் வேண்டாம். குழந்தை கை படாத உயரத்தில் வை, ஏனென்றால் இது சேப்பங்கிழங்கு குடும்பம். இலையை மென்றால் வாயும் நாக்கும் எரிந்து அரிக்கும், நாய் பூனைக்கும் அதே கதிதான்.

சோதனைக்குத் தேவைப்பட்டது ஒரு ஈர்க்குச்சி. தொட்டியோரமாக அடிவரை இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு உருவச் சொன்னேன். மேலே இரண்டு விரற்கடை காய்ந்து வெளுத்திருக்கிறது, அதற்குக் கீழே கறுத்து ஈரமாக இருக்கிறது என்றாள். தொட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். "கனமா கீது அண்ணா, உள்ள தண்ணி ஆடுது." பீங்கான் தொட்டிக்கு ஓட்டையே இல்லை. நர்சரியின் பிளாஸ்டிக் தொட்டி அப்படியே அதற்குள் உட்கார்ந்திருந்தது. ஃபேன் காற்றிலும் வேலூர்ப் பக்க வெயிலிலும் மேல் மண் ஒரே நாளில் வறண்டுவிடும். அதைப் பார்த்துத்தான் தினமும் ஊற்றியிருக்கிறாள். அடியில் குளம்.

ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பிரித்தேன். உருவும்போதே சாக்கடை வாடை. நல்ல வேர் வெள்ளையாக, கிள்ளினால் விறைப்பாக இருக்க வேண்டும். இதில் பாதிக்கு மேல் பழுப்பு. விரலால் இழுத்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கத்தரியால் பழுப்பு வேரையெல்லாம் வெட்டி, அடியில் கொழகொழத்திருந்த இரண்டு காம்புகளையும் எடுத்தேன். மிஞ்சிய வேருக்குப் பழைய ஆறு அங்குலத் தொட்டி பெரிது. குறைந்த வேரைச் சுற்றி நிறைய மண் இருந்தால் அது குடிக்காத ஈரம் அங்கேயே தங்கும். நாலு அங்குலத் தொட்டி, அடியில் ஓட்டைகள். கலவைக்கு இரண்டு பங்கு கோகோபீட், ஒரு பங்கு பெர்லைட், அரைப் பங்கு மண்புழு உரம். கோகோபீட் கட்டியை ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழிந்த பிறகுதான் சேர்த்தேன். அலசாத கட்டியில் உப்பு இருக்கும். செம்மண்ணைத் தவிர்த்தேன். நம் ஊர்ச் செம்மண் சின்னத் தொட்டியில் ஓடு மாதிரி இறுகிவிடுகிறது.

இன்னொரு விஷயம் அங்கே போனதால்தான் தெரிந்தது. இலை நுனிகள் பழுப்பாகக் காய்ந்திருந்தன, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம். என்ன தண்ணீர் ஊற்றுகிறாய் என்றேன். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று பக்கெட்டில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறாளாம். நல்ல எண்ணம்தான், நிறைய வீட்டில் செய்கிறார்கள். ஆனால் மெஷின் உப்பைப் பிரித்து அனுப்புவதே அந்தத் தண்ணீரில்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் கொண்டு போயிருந்தேன். போர் தண்ணீர் 1,100, மெஷின் கழிவு 1,800க்குப் பக்கம். வீடு துடைக்கலாம், தொட்டிச் செடிக்கு ஆகாது. காவிரிக் குடிநீர் வருகிற அன்று ஒரு குடம் எடுத்து வைத்து அதை ஊற்றச் சொன்னேன். மழை பிடித்தால் மழைநீர்.

வைத்த இடம் கிழக்கு ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி. அங்கே பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிறது, வெயில் கோடு மட்டும் தொடவில்லை. ஏர்கூலர் அதே அறையில் இருப்பது இந்தச் செடிக்கு லாபம், ஏ.சி. காற்று நேராக அடித்தால் நுனி காயும். தண்ணீருக்கு நாள் கணக்கு சொல்லவில்லை. ஈர்க்குச்சி ஒரு அங்குல ஆழத்துக்குக் காய்ந்து வந்தால் மட்டும் ஊற்றணும், அடியில் வடியும்வரை ஊற்றணும், வடிந்ததைக் கொட்டிவிட்டுத்தான் பீங்கான் தொட்டிக்குள் திரும்ப வைக்கணும்.

முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. இன்னும் இரண்டு இலை மஞ்சளாகி விழுந்தது. "செத்துடுச்சா அண்ணா?" என்று தினம் படம் வந்தது. வேரை வெட்டின செடி, அந்த வேருக்கு ஏற்ற அளவுக்கு இலையைக் குறைத்துக்கொள்ளும், அது எதிர்பார்த்ததுதான். கவலைப்பட வேண்டியது, காம்பின் அடி கறுத்துக் கொழகொழத்தால். அதை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அடி விறைப்பாகவே இருந்தது.

ஆனி பாதியில் நடுவிலிருந்து சுருட்டிய குழல் மாதிரி வெளிர்பச்சையாக ஒரு முளை. அது விரிந்து, நுனி காயாமல் முழு இலையானது ஆடி பிறந்த பிறகு. பழைய இலைகளின் பழுப்பு நுனி அப்படியேதான் இருக்கிறது, அது இனி பச்சையாகாது. கண்ணை உறுத்தினால் கத்தரியால் இலையின் வடிவத்திலேயே சீவிவிடலாம்.

நடுவில் ஒருநாள் மறுபடி தொங்கின படம் வந்தது. குச்சி காய்ந்து வந்தது, தொட்டி லேசாக இருந்தது. இந்தத் தடவை நிஜமான தாகம். கோகோபீட் நன்றாகக் காய்ந்தால் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் ஓர இடுக்கு வழியாக ஓடிவிடும், உள்ளே நனையாது. அதனால் பக்கெட்டில் பாதித் தொட்டி முங்குமளவு தண்ணீர் வைத்து அரைமணி ஊறவைக்கச் சொன்னேன். சாயங்காலமே நிமிர்ந்துவிட்டது.

இப்போது மூன்றாவது புது இலை விரிகிறது. பூ எப்போது, உரம் போடலாமா என்று கேட்கிறாள். ஐப்பசி மழைக்கு அப்புறம், தொட்டி ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால், டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கு கரைத்து மாதம் ஒரு முறை கொடு என்றிருக்கிறேன். அதுவரை வெறும் தண்ணீர்தான்.