கடை வாடகைக்கு நானே வரி கட்டி, நானே இன்புட் எடுத்த கதை

ஈரோட்டில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். கடை இருக்கும் கட்டடம் ஒரு வயதான அம்மாவுடையது. அவருக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது, வரும் வாடகைக்கு அது தேவையும் இல்லை. 2024 அக்டோபர் 10 வரைக்கும் இந்த வாடகையில் ஜிஎஸ்டி என்ற பேச்சே எழவில்லை. அந்தத் தேதியிலிருந்து, பதிவு இல்லாதவர் தன் வணிகக் கட்டடத்தைப் பதிவு பெற்றவருக்கு வாடகைக்கு விட்டால், 18 சதவீத வரியை வாடகைக்கு இருப்பவர்தான் கட்ட வேண்டும். இதைத்தான் ஆர்சிஎம் என்கிறோம்.

ஆடிட்டர் இதைச் சொன்னதும் முதலில் போய்ப் பார்த்தது வீட்டுக்கார அம்மாவைத்தான்.

"ஏந்தம்பி, இந்த வரிய வாடகையில புடிச்சுக்குவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா, வாடகை முழுசா வந்துரும். வரி என் பக்கத்துலருந்து தனியா போவுது. உங்களுக்கு ஜிஎஸ்டி நம்பர் எதுவும் இல்லைன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அந்தத் தாளைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. வேறு தொழிலுக்காக அவர் பெயரில் ஜிஎஸ்டி பதிவு இருந்தால், அவரே பில் போட்டு வரி வாங்க வேண்டியிருக்கும்; என் வேலை மொத்தமும் மாறிவிடும். நாளைக்கு அதிகாரி கேட்டால் காட்டவும் ஏதாவது வேண்டுமே.

வாடகை மாதம் 30,000 ரூபாய். வரி அதற்கு மேல்: மத்திய வரி 2,700, மாநில வரி 2,700, ஆக 5,400. வாடகைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதாக வைத்துப் பிரிக்கக் கூடாது.

வீட்டுக்காரரால் வரி பில் கொடுக்க முடியாது என்பதால், அவர் பெயரில் பில்லை நானே எழுதிக்கொள்ள வேண்டும். செல்ஃப் இன்வாய்ஸ் என்பார்கள். அவர் பெயர், முகவரி, என் ஜிஎஸ்டி எண், வாடகை எந்த மாதத்துக்கு, சேவைக் குறியீடு 997212, வரி விவரம், ஆர்சிஎம் பொருந்தும் என்ற குறிப்பு, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். விற்பனை பில் எண்களோடு கலக்காமல் RCM/01 என்று தனி வரிசை ஆரம்பித்தேன். பணம் கொடுக்கும்போது பேமென்ட் வவுச்சர் ஒன்றும் போட வேண்டும்.

தேதி விஷயத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். 2024 நவம்பர் 1 முதல், சேவை பெற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் செல்ஃப் இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். பணம் கொடுத்த தேதி, இந்த இன்வாய்ஸ் தேதி, இரண்டில் எது முந்தியதோ அந்த மாதத்து ரிட்டர்னில் வரி வந்துவிடும். ஏப்ரல் வாடகையை மே 5-ல் கொடுக்கிறேன் என்று வையுங்கள். இன்வாய்ஸை ஏப்ரல் 30 தேதியில் போட்டால் ஏப்ரல் ரிட்டர்னில் காட்ட வேண்டும். மே 5-ல் போட்டால் மே ரிட்டர்ன் போதும். இரண்டும் சரிதான். நான் இன்வாய்ஸ், வவுச்சர் இரண்டையும் பணம் கொடுக்கும் நாளிலேயே போட்டுவிடுகிறேன். ஆனால் வாடகையே பாக்கி விழுந்தால்? அப்போதும் 30 நாள் கணக்கு நிற்காது. பணம் கொடுக்கவில்லை என்று சொல்லி வரியைத் தள்ளிப்போட முடியாது. தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

அப்புறம் ரிட்டர்ன். GSTR-1-ல் 13-வது அட்டவணையில், பதிவு இல்லாதவரிடமிருந்து பெற்றதற்குப் போட்ட இன்வாய்ஸ் என்ற வரியில் அந்தத் தொடர் எண்களைக் கொடுக்க வேண்டும். GSTR-3B-ல் 3.1(d) கட்டத்தில் 30,000-மும் வரியும் போகும். அதே ரிட்டர்னில் 4(A)(3) கட்டத்தில் 2,700, 2,700 என்று இன்புட். இந்த இன்புட் GSTR-2B-ல் வராது. பதிவு பெற்ற சப்ளையர் ஏற்றும் பில்தான் அங்கே வரும். 2B-ல் இல்லையே என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இரண்டு கட்டத்தையும் கையால் நிரப்ப வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டியது இன்னொன்று: ஆர்சிஎம் வரியை இன்புட்டை வைத்துக் கழிக்க முடியாது. கிரெடிட் லெட்ஜரில் எவ்வளவு கிடந்தாலும் 5,400-ஐப் பணமாகத்தான் கட்ட வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் இதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அங்கேயிருந்தே சலான் போட்டுக் கட்டிவிடலாம்.

"கட்டுறதும் நீங்க, எடுக்கறதும் நீங்க, செலவு பூஜ்யம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என் கணக்கில் அது அவ்வளவு சுத்தமாக வரவில்லை. சாதாரண மாதம் ஒன்றில் விற்பனை வரி மத்தியில் 11,000, மாநிலத்தில் 11,000. கொள்முதல் இன்புட் இரண்டிலும் 9,500. முன்பு என்றால் 1,500 வீதம் 3,000 ரூபாய் கட்டியிருப்பேன். இப்போது முதலில் 5,400 பணமாகப் போகிறது. வாடகை இன்புட் சேர்ந்து 12,200 ஆகிறது. 11,000 கழிந்தபின் ஒவ்வொன்றிலும் 1,200 மிச்சம். விற்பனைக்கு ரொக்கம் எதுவும் கட்டத் தேவையில்லை, சரி. ஆனாலும் மாதாமாதம் 2,400 ரூபாய் கூடுதலாகப் போய் லெட்ஜரில் உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த மாதமும் வியாபாரம் இதே அளவு என்றால் அது கரையாது, மேலும் 2,400 சேரும். தீபாவளி மாதம் மாதிரி விற்பனை ஏறும்போதுதான் எடுத்துப் பயன்படுத்த முடிகிறது. எனக்கு ஏற்றுமதி இல்லை; ஆகவே ரீஃபண்ட் கேட்கவும் வழியில்லை. லாப வரம்பு மெல்லியதாக உள்ள கடைக்காரர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. விற்பனை வரியில் கொள்முதல் இன்புட் போக மிஞ்சுவது வாடகை வரியைவிடக் குறைவாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பக்கத்துக் கடை உணவகத்துக்கு நிலைமை இன்னும் மோசம். அவர் இன்புட் இல்லாத 5 சதவீதத்தில் இருக்கிறார். வாடகைக்கு ஆர்சிஎம் கட்டியே ஆக வேண்டும், ஆனால் திரும்ப எடுக்க முடியாது. அவருக்கு அது முழுச் செலவு. எதிர்ப்புறம் பேக்கரிக்காரர் காம்பொசிஷனில் இருக்கிறார். 2025 ஜனவரி 16 முதல் அவர்களை இந்த விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவர் தப்பித்தார்.

ரிட்டர்ன் போட்டபின் போர்ட்டலில் லெட்ஜர் பகுதியில் RCM Liability/ITC Statement என்பதைத் திறந்து பார்க்கிறேன். 3.1(d)-ல் கட்டியதும் 4(A)(3)-ல் எடுத்ததும் சமமாக இருந்தால் மீதி பூஜ்யம் காட்டும். மைனஸ் வந்தால், கட்டியதைவிட அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். பிளஸ் வந்தால் கட்டிவிட்டு எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அட்வான்ஸ் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பத்து மாத வாடகை அட்வான்ஸாகக் கொடுத்திருக்கிறேன். காலி செய்யும்போது திரும்ப வரும் பணம் என்பதால் அதற்கு இப்போது வரி இல்லை. ஆனால் கடைசி மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தால், கழித்ததாகக் கணக்கில் எழுதும் தேதியே வாடகை கொடுத்த தேதி ஆகிவிடும். கையிலிருந்து பணம் போகாவிட்டாலும் அந்த மாதங்களுக்கும் இன்வாய்ஸ் போட்டு, வரியைக் கட்டி, இன்புட் எடுக்க வேண்டும்.