திங்கட்கிழமையின் பூஜ்யம்

நான் முன்பு வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நகரின் பல பகுதிகளில் 14 சேகரிப்பு மையங்கள் இருந்தன. மையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்து, ரத்தக் குழாயில் பார்கோடு ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து எங்களிடம் அனுப்புவார்கள். பதிவு விவரம் மட்டும் தனியாக இணையத்தின் வழியே எங்கள் சர்வருக்கு வந்துவிடும். எந்த மையத்திலிருந்து எத்தனை பதிவுகள் வந்தன என்று காட்டும் திரையைக் கவனிப்பது என் பொறுப்பு.

ஒரு திங்கட்கிழமை, பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த மையத்தின் எண் நாள் முழுவதும் பூஜ்யமாகவே இருந்தது. அதை நானும் பார்த்தேன், ஆனால் எதுவும் தோன்றவில்லை. ஞாயிறுதோறும் மையங்கள் மூடியிருக்கும் என்பதால் அந்தத் திரையில் பூஜ்யம் தெரிவது எனக்குப் பழகிப்போயிருந்தது. மாலை நான்கு மணிக்குக் கூடத்தின் டெக்னீசியன் வந்து, "சார், முப்பதுக்கு மேல் குழாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்தால் பதிவே இல்லை என்று வருகிறது" என்றார். அந்த மையத்தின் கணினி சர்வரில் நுழையப் பயன்படுத்திய கடவுச்சொல் ஞாயிறன்று காலாவதியாகியிருந்தது. பதிவுகளெல்லாம் அங்கேயே தேங்கிக் கிடந்தன. காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் முடிவைக் கேட்டு அதற்குள் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மொத்த எண்ணிக்கையைப் பார்த்திருந்தாலும் பயனில்லை; மற்ற 13 மையங்களின் கூட்டத்தில் ஒரு மையத்தின் இழப்பு கரைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மையத்துக்கும் ஒவ்வொரு கிழமைக்கும் தனித்தனியாக எதிர்பார்ப்பு எண் ஒன்றை வைத்துக்கொண்டு, அன்றைய எண்ணை அதனோடு ஒப்பிட்டு எச்சரிப்பது என்று முடிவு செய்தோம். அந்த மையத்தின் முந்தைய 8 திங்கட்கிழமைகள் 41, 38, 44, 0, 39, 43, 36, 40 என்று இருந்தன. நடுவில் உள்ள பூஜ்யம் பொங்கல் விடுமுறை. சராசரி எடுத்தால் அந்த ஒரு நாளே கணக்கை 35 ஆக இறக்கிவிடுகிறது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வரும் இடைநிலை அளவோ 39.5 என்று, வழக்கமான திங்களைப் போலவே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு அதே கணக்கு 0 என்று தருவதால், ஞாயிறன்று எச்சரிக்கை எழாது.

இதை எழுதி ஓட்டியபோது முதலில் கிடைத்தது ஏமாற்றம்தான். சோதனைக்காக ஒரு மையத்தின் பதிவுகளை நிறுத்திப் பார்த்தோம், எச்சரிக்கை வரவில்லை. பதிவு அட்டவணையை மையவாரியாகத் தொகுத்து எண்ணும்போது, பதிவே இல்லாத மையத்துக்கு வரியே வராது என்பதை நான் யோசிக்கவில்லை. வராத வரியை எந்த எண்ணோடு ஒப்பிடுவது? மையங்களின் பட்டியலிலிருந்து தொடங்கி, அதனோடு பதிவுகளை இணைத்தால்தான் பூஜ்யம் என்ற எண் உருவாகும்:

```sql
SELECT c.centre_id, count(r.id) AS n
FROM centre c
LEFT JOIN registration r
  ON r.centre_id = c.centre_id
 AND r.reg_date = current_date
GROUP BY c.centre_id;
```

இங்கே `count(r.id)` என்பதற்குப் பதிலாக `count(*)` என்று எழுதினால் காலியான மையத்துக்கும் 1 என்று காட்டும். அந்தத் தவற்றையும் நான் ஒரு முறை செய்தேன். தேதிக்கான நிபந்தனையை `WHERE` பகுதிக்குக் கொண்டுபோனாலும் காலியான மையம் மறுபடி மறைந்துவிடும்.

நாள் முடிந்தபின் எச்சரித்து என்ன பயன் என்று டெக்னீசியன் கேட்டது நியாயமாகப் பட்டது. அதனால் காலை 11 மணிக்கு ஒப்பிடத் தொடங்கினோம். எதிர்பார்ப்பு எண்ணையும் அதே கிழமைகளில் 11 மணி வரை வந்த பதிவுகளைக் கொண்டே கணக்கிட்டோம். சிறிய மையங்களில் இது சரிப்படவில்லை. 11 மணிக்குள் சராசரியாக 2 பேர் மட்டுமே வரும் இடத்தில், ஏறக்குறைய ஏழு நாளில் ஒரு நாள் தற்செயலாகவே யாரும் வராமல் போகலாம். அதே சராசரி 5 என்றால் அது 150 நாளில் ஒரு முறைதான் நடக்கும். எனவே 5-க்குக் குறைவான மையங்களுக்கு முற்பகல் எச்சரிக்கையை நிறுத்திவிட்டு, மாலையில் மட்டும் பார்த்தோம். அரசு விடுமுறைகளை ஒரு தனிப் பட்டியலில் கையால் பதிந்தோம்; உள்ளூர்த் திருவிழாக்கள் அதில் அடிக்கடி விடுபட்டன.

ஒன்றை மட்டும் தாமதமாகவே புரிந்துகொண்டோம். சாலைப் பணிக்காக ஒரு மையத்தை ஐந்து வாரம் மூடியிருந்தார்கள். அந்தப் பூஜ்யங்களெல்லாம் பழைய கணக்கில் சேர்ந்து, 8 திங்களில் 5 பூஜ்யம் என்றானதால், இடைநிலை அளவும் பூஜ்யமாகிவிட்டது. மையத்தைத் திரும்பத் திறந்த வாரத்தில் பதிவுகள் மறுபடி நின்றிருந்தாலும் எங்கள் கணக்கு வாய் திறந்திருக்காது. அன்றிலிருந்து, காரணம் தெரிந்த பூஜ்யங்களை நீக்கிவிட்டு, பதிவு வந்த கடைசி 8 திங்கட்கிழமைகளையே, அவை எவ்வளவு பழையவையானாலும், எடுத்துக்கொண்டோம்.