24 பக்கக் கிரயப் பத்திரமும் 2 எம்.பி. வரம்பும்

வீட்டுக் கடனுக்காக எங்கள் பழைய கிரயப் பத்திரத்தை வங்கியின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. கோப்பு 2 எம்.பி.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஸ்கேன் கடையில் 300 டி.பி.ஐ. வண்ணத்தில் எடுத்துத் தந்த 24 பக்கங்களும் சேர்ந்து 40 எம்.பி. வந்தன. கடைக்காரரே ஏதோ ஒரு செயலியில் அதைச் சுருக்கி 1.6 எம்.பி. ஆக்கிக் கொடுத்தார், ஆனால் அதில் புல எண்ணையே ஊகித்துத்தான் படிக்க முடிந்தது.

காரணம் அறிய, கோப்புக்குள் இருக்கும் படங்களின் விவரத்தைக் காட்டும் இந்தக் கட்டளையை இயக்கினேன்.

```
pdfimages -list pathiram.pdf
```

விடையில், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்செல்கள் என்பதைக் காட்டும் `x-ppi` என்ற பத்தியில் எல்லாப் பக்கங்களுக்கும் 72 என்று இருந்தது. தட்டச்சில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 300 டி.பி.ஐ.யில் அதற்கு ஐந்து பிக்செல்கள் கிடைக்கின்றன. 72இல் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றையும் ஜேபெக் சுருக்கம் அக்கம்பக்கத்துச் சாம்பல் நிறத்தோடு கலந்துவிட்டால், ‘க்’ என்பதற்கும் ‘க’ என்பதற்கும் வேறுபாடு இராது. செயலி வண்ணத்தை அப்படியே வைத்துக்கொண்டு தெளிவைப் பலியிட்டிருந்தது. எனக்குத் தேவைப்பட்டது இதற்கு நேர்மாறானது.

லீகல் அளவுத் தாள் ஒன்று 300 டி.பி.ஐ.யில் 2550 × 4200 பிக்செல்கள் கொண்டது. வண்ணத்தில் ஒரு பிக்செலுக்கு 24 பிட் தேவை. கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டும் போதுமென்றால் ஒரே பிட். ஆகவே சுருக்குவதற்கு முன்பே ஒரு பக்கம் 32 எம்.பி.யிலிருந்து 1.3 எம்.பி.க்கு இறங்கிவிடுகிறது. அதன்மேல், தொலைநகலுக்காக உருவான குரூப் 4 என்னும் சுருக்கமுறையைப் பயன்படுத்தினால் ஒரு தட்டச்சுப் பக்கம் 45 கே.பி. அளவில் அடங்குகிறது. இது இழப்பில்லாத முறையாதலால் எழுத்தின் விளிம்பில் ஜேபெக் விட்டுச்செல்லும் அழுக்கு நிழலும் இல்லை. ஒரு பக்கத்தை இப்படி மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் கட்டளை இது.

```
magick p05.png -colorspace Gray -threshold 60% -compress Group4 p05.tif
```

இதில் 60% என்ற எண்ணை முடிவு செய்வதில்தான் பெரும்பாலான நேரம் போயிற்று. அந்த அளவைவிட வெளிச்சமான பிக்செல்கள் வெள்ளையாகவும், மற்றவை கறுப்பாகவும் மாறுகின்றன. எண்ணைக் கூட்டினால், பழுப்பேறிய தாளின் கறைகளும் பின்பக்கத்து எழுத்தின் சாயலும் பொடிப்பொடியாகக் கறுக்கும். குறைத்தால், தட்டச்சு நாடா மங்கிய இடங்களில் புள்ளிகள் மறையும். இதைக் கண்டுபிடிக்கக் கோப்பின் அளவே உதவியது: 45 கே.பி. வர வேண்டிய பக்கம் 200 கே.பி. வந்தால், பொடிகள் பெருகிவிட்டன என்று பொருள். குரூப் 4 முறைக்குச் சிதறிய பொடிகள் ஆகவே ஆகாது. அப்படிப்பட்ட பக்கங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து மறுபடி ஸ்கேன் செய்ததும் பின்பக்கச் சாயல் பெரும்பாலும் ஒழிந்தது. ஸ்கேன் மென்பொருள்களில் உள்ள ‘பொடி நீக்கும்’ வசதியை மட்டும் நான் தொடவில்லை, ஏனெனில் கறைக்கும் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

முத்திரைத்தாள் பக்கங்கள் இரண்டையும், பெருவிரல் ரேகையும் சார்பதிவாளர் முத்திரையும் உள்ள பக்கத்தையும் இவ்வாறு மாற்ற இயலாது. ரேகை கறுப்புத் திட்டாகிவிடும். ஊதா முத்திரையின் கீழுள்ள கையொப்பம் முத்திரையோடு ஒன்றிவிடும். எனவே முத்திரைத்தாள்களை 200 டி.பி.ஐ. வண்ண ஜேபெக்காகவும், ரேகைப் பக்கத்தை அதே அளவில் சாம்பல் நிறத்திலும் வைத்துக்கொண்டேன். அந்த மூன்று பக்கங்கள் மட்டுமே ஏறத்தாழ 950 கே.பி. எடுத்துக்கொண்டன; மீதி 21 பக்கங்கள் எல்லாம் சேர்ந்தும் அதே அளவுதான். முடிந்த பக்கங்களை வரிசை எண்ணோடு ஒரே கோப்புறையில் வைத்து, படங்களை மறுபடி சுருக்காமல் அப்படியே பிடிஎஃப் ஆக்கும் கருவியால் இணைத்தேன்.

```
img2pdf mudintha/* -o pathiram.pdf
```

இன்னும் சிறிதாக்க ஜேபிக்2 என்ற முறையும் உண்டு. அதன் இழப்புள்ள வகை, ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளுக்கு ஒரே படத்தைப் பல இடங்களில் பயன்படுத்தும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர், ஜெராக்ஸ் இயந்திரங்கள் சில, ஸ்கேன் செய்த ஆவணங்களில் 6ஐ 8ஆக மாற்றியிருந்ததை வெளிக்கொணர்ந்தார்; அந்தப் பிழை நேர்ந்தது இதனால்தான். எழுத்து மங்கினால் கண்ணுக்குத் தெரியும். தெளிவாகவே தவறாக இருந்தால் யாருக்குத் தெரியும்? புல எண்ணும் நான்கெல்லை அளவுகளும் உள்ள ஆவணத்துக்கு அந்த வகையை நான் ஏற்கவில்லை.

கடைசியில் கோப்பு 1.9 எம்.பி. வந்தது. சொத்து விவரப் பக்கத்தை மட்டும் தாளில் அச்சிட்டு, அசலோடு வரிவரியாக ஒப்பிட்ட பிறகு ஏற்றினேன். 40 எம்.பி. வண்ணக் கோப்பு தனியே பத்திரமாக இருக்கிறது. நாளை வேறோர் அலுவலகம் வேறொரு வரம்பைச் சொன்னால் அதிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.