தானமாக வந்த லேப்டாப்பும் அணைந்த நேரக் குறிப்பேடும்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓட்டுக்கூரை போட்ட தொடக்கப்பள்ளி. ஒரு நிறுவனம் தன் அலுவலகத்தில் ஓய்வு கொடுத்த லேப்டாப்களில் ஒன்று எங்களுக்கு வந்தது. 14 அங்குலத் திரை, மூன்றாம் தலைமுறை கோர் ஐ5, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 65 வாட் அடாப்டர். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளைப் பெரும்பாலும் ஏற்காது என்பதால்தான் அது ஓய்வு பெற்றிருக்க வேண்டும். லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எப்சிஇ பதிப்பு போட்டே கொடுத்திருந்தார்கள். 4 ஜிபியில் பாடக் காணொளி, வருகைப் பதிவு, தமிழ்99 தட்டச்சு எல்லாம் தாராளமாக ஓடும்.

ஓடியது, ஆனால் நின்று நின்றுதான். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரை பட்டென்று கருத்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு முறை, சில நாள் இரண்டு மூன்று முறை.

போளூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் போனில் சொன்னதும், "பேட்டரி போயிருக்கும் டீச்சர், மாத்திடலாம்" என்றார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து சார், "மதர்போர்டு சார்ந்ததா இருந்தா தூக்கிப் போடுங்க" என்றார். இருவரும் மெஷினைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கடையில் ஏசி அறையில் அரை மணி நேரம் ஓடி, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்திருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அது நடக்கும் இடத்தில்தான் சாட்சி இருக்கும்.

அதனால் ஒரு 40 பக்க நோட்டில் நான்கு கட்டம் போட்டோம்: ஆன் செய்த நேரம், அணைந்த நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, அடாப்டர் விளக்கு எரிந்ததா. பத்துப் பள்ளி நாளில் 14 பதிவு சேர்ந்தது. அதைப் பார்த்தபோதுதான் இது ஒரு கோளாறு அல்ல, ஒரே முகம் காட்டும் இரண்டு கோளாறுகள் என்று தெரிந்தது.

ஒன்பது பதிவுகளில் ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் ஆன் செய்தால் 35, 40 நிமிடம் ஓடும். மதியம் இரண்டு மணிக்கு மேல் 12, 15 நிமிடம்தான். அணைந்ததும் உடனே மறுபடி போட்டால் மூன்று நான்கு நிமிடத்தில் மீண்டும் அணையும். எல்லாமே காணொளி ஓடும்போது நடந்தவை. மீதி ஐந்தில் ஒழுங்கே இல்லை. ஒன்று ஆன் செய்து இரண்டாவது நிமிடத்தில், இன்னொன்று ஒரு மணி நேரம் கழித்து. ஆனால் அந்த ஐந்திலும் கடைசிக் கட்டத்தில் "விளக்கு மினுக்கியது" அல்லது "எரியவில்லை" என்று இருந்தது.

நேரத்தோடும் வெயிலோடும் சுருங்குவது சூடு. எப்போது வேண்டுமானாலும் வருவது மின்சாரம்.

மின்சாரத்தை முதலில் பார்த்தோம், அது சுலபம் என்பதால். பேட்டரி 61 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தபோது அடாப்டரைப் பிடுங்கினோம். அந்த நொடியே அணைந்தது. செல்கள் தேய்ந்துவிட்டால் சும்மா இருக்கும்போது வோல்டேஜ் சரியாகத் தெரியும், சுமை ஏறிய கணத்தில் சரிந்துவிடும். திரையில் வரும் சதவீதத்தை நம்பக் கூடாது. உண்மையான நிலையை டெர்மினலில் அடிக்கும் இந்தக் கட்டளை சொல்லும்:

```
upower -i /org/freedesktop/UPower/devices/battery_BAT0
```

அதில் energy-full-design 56.2 என்றும், energy-full 9.3 என்றும் வந்தது. புதிதாக இருந்தபோது பிடித்த மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆக, தம்பி சொன்னது பாதி சரி. ஆனால் பேட்டரி செத்ததால் மட்டும் மெஷின் அணையாது, அடாப்டரிலிருந்தும் மின்சாரம் ஒரு கணம் நிற்க வேண்டும். லோ வோல்டேஜ் காரணமாக இருக்குமா என்றால், இந்த அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். எங்கள் ஊரில் மாலையில் 170க்கு இறங்கும், அது அதற்குப் பொருட்டே இல்லை. நோட்டைத் திரும்பப் பார்த்தால், ஐந்தில் மூன்று இடைவேளை மணி அடித்த சமயம். பிள்ளைகள் பெஞ்சை இடித்துக்கொண்டு ஓடும் நேரம். பிளக்கை விரலால் லேசாக அசைத்தோம். விளக்கு மினுக்கியது. சுவரிலிருந்த சாக்கெட்டுக்குள் பித்தளைத் தகடு தளர்ந்து, பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றியபோது ஒரு துளையின் ஓரம் கருகியிருந்தது. தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கும், பொறி பறந்த இடம் கருகும், கருகினால் இன்னும் தளரும். எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு புது 6 ஆம்பியர் சாக்கெட் மாட்டினார். அந்த வகை அணைதல் அன்றோடு நின்றது. பேட்டரியைப் பிறகு மாற்றினோம். நல்ல பேட்டரி உள்ள லேப்டாப்புக்கு அதுவே யுபிஎஸ், தனியாக ஒன்று வாங்கத் தேவையில்லை.

சூடு அவ்வளவு எளிதாக விடவில்லை. முதலில் அது சூடுதான் என்று உறுதி செய்ய வேண்டும்:

```
sudo apt install lm-sensors
watch -n 2 sensors
```

காணொளியை ஓடவிட்டு இதைப் பக்கத்தில் திறந்து வைத்தோம். Package id 0 என்ற வரியில் ஐந்து நிமிடத்தில் 97 டிகிரி. அதே வரியில் high = +87.0, crit = +105.0 என்று இருக்கும். 105ஐ நெருங்கினால் செயலி முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கு மேலும் சூடேறினால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தையே துண்டிக்கும். அதனால்தான் எச்சரிக்கை இல்லை. அணைந்து மறுபடி போட்டபின் போன முறை என்ன நடந்தது என்று பார்க்க இது உதவும்:

```
journalctl -k -b -1 | grep -i thrott
```

இதில் வரிகள் வந்தால், அணைவதற்கு முன்பே செயலி சூட்டால் வேகத்தைக் குறைத்துத் தவித்திருக்கிறது என்று பொருள். மின்சாரம் போய் அணைந்திருந்தால் இங்கே ஒன்றும் இருக்காது. ஒரு எச்சரிக்கை: பதிவு அவ்வப்போதுதான் டிஸ்க்கில் எழுதப்படும். கடைசிச் சில நிமிடங்கள் தொலைந்திருக்கலாம். மூன்று நிமிடத்தில் அணைந்த ஓட்டத்தை விட்டுவிட்டு, 35 நிமிடம் ஓடிய காலை ஓட்டத்தைப் பாருங்கள்.

அடுத்த கேள்வி, ஃபேன் பழுதா, பாதை அடைப்பா? எங்கள் மாடலில் fan1 என்ற வரியும் வந்தது. நிமிடத்துக்கு 4,500 சுற்று காட்டியது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் பக்கவாட்டுத் துளை முன்னால் ஒரு டிஷ்யூ காகிதக் கீற்றைப் பிடித்தால் அசையவே இல்லை. சுற்றுகிறது, காற்று வெளியே வரவில்லை. அப்படியென்றால் அடைப்பு.

இதற்கு வெளியிலிருந்து புளோயர் அடிப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் வீண். தூசி வெளித்துளையில் இருக்காது. ஃபேனுக்கும் செம்புத் தகட்டு அடுக்குக்கும் நடுவில், உள்பக்கமாகக் கம்பளி போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து அடித்தால் அது பின்னால் தள்ளப்பட்டு, சற்று நேரத்தில் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். காற்றின் வேகத்தில் ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங்கும் கெடும்.

ஆகவே பிரித்தோம். மேஜையில் ஒரு வெள்ளைத்தாள் விரித்து லேப்டாப்பின் அடிப்பாகத்தைப் படமாக வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே செல்லோ டேப்பால் ஒட்டிக்கொண்டோம். இது முக்கியம். நீளமான திருகைக் குட்டையான இடத்தில் முடுக்கினால் போர்டைக் குத்தும். முதலில் அடாப்டர், பிறகு பேட்டரி, அதன்பின் மிச்ச மின்சாரம் வடிய பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். கீபோர்டு நாடாவை இழுக்கக் கூடாது, அதன் பூட்டை நகத்தால் தூக்கினால் தானே வரும். செயலியின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கின் திருகுகள் அருகே 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருக்கும். கழற்றும்போது 4, 3, 2, 1. மாட்டும்போது 1லிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மூலையை மட்டும் முதலில் இறுக்கினால் சிப் விளிம்பு உடைய வாய்ப்புண்டு.

உள்ளே இருந்ததை எடுத்தபோது அரை விரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பட்டை, துணி மாதிரி முழுதாக உரிந்து வந்தது. அலுவலகத்துத் தூசி அடியில், அதன்மேல் வெள்ளையாக எங்கள் சாக்பீஸ் தூள். லேப்டாப் இருந்த மேஜை கரும்பலகைக்கு நேர் கீழே. டஸ்டரைத் தட்டுவதும் அந்த மேஜை ஓரத்தில்தான்! ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தோம்.

செயலி மேல் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. அந்தப் பேஸ்ட்டின் வேலை, சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடுக்கிலுள்ள காற்றை வெளியேற்றுவது. காய்ந்தால் காற்று திரும்பி வந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பளபளப்பு தெரியும்வரை துடைத்து, ஒரு அரிசி அளவு புது பேஸ்ட் நடுவில் வைத்து அழுத்தினோம். அதிகம் வைத்தால் இன்னும் குளிரும் என்று நினைப்பது தவறு. உலோகத்தை விடப் பேஸ்ட் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், மெல்லிய படலமே போதும்.

அதே காணொளி, அதே மதியம்: 71 டிகிரி. காகிதக் கீற்று படபடத்தது.

இதோடு முடியவில்லை. அத்தனை முறை திடீரென்று அணைந்ததில் ஒருநாள் மெஷின் உள்ளே வராமல் கருப்புத் திரையில் (initramfs) என்று நின்றது. எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதால் கோப்பு அமைப்பு குலைந்திருந்தது. டிஸ்க்கின் எந்தப் பகுதி என்று திரையிலேயே சொல்லியிருந்தது, எங்களுக்கு sda2:

```
fsck -y /dev/sda2
reboot
```

திரும்பி வந்துவிட்டது. வந்ததும் smartmontools நிறுவி sudo smartctl -a /dev/sda ஓட்டிப் பார்த்தால், Current_Pending_Sector வரியின் கடைசி எண் 24. அது பூஜ்யமாக இருக்க வேண்டும். டிஸ்க் படிக்க முடியாமல் திணறும் இடங்கள் அவை. கோப்புகளை அன்றே பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு, 7 மி.மீ. தடிமன் உள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 240 ஜிபி, வாங்கி மின்ட்டைப் புதிதாக நிறுவினோம். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால் குலைந்த கோப்புகளும் சேர்ந்து வரும்.

இப்போது லேப்டாப் இருப்பது கரும்பலகைக்கு எதிர்ச்சுவரில். அடியில் இரண்டு மர அடிக்கோல், காற்று உள்ளே போக இடம் விட்டு. மேஜை விரிப்பு கிடையாது, அது அடித்துளையை மூடும். டஸ்டர் தட்டுவது வராந்தாவில். மாதத்தின் முதல் திங்களன்று பத்து நிமிடம் காணொளி ஓடவிட்டு வெப்பத்தை அதே நோட்டில் எழுதுகிறோம். 71, 72, 72, 75 என்று போகிறது. 85ஐத் தொட்டால் மறுபடி பிரிக்க வேண்டும்.

சென்ற மாதம் முதல் ஃபேன் ஆன் செய்ததும் ஒரு நிமிடம் கரகரக்கிறது. பேரிங் தேய ஆரம்பித்துவிட்டது. வாங்குவதற்கு லேப்டாப் மாடல் பெயர் போதாது, ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை ஃபேன் வரும். ஃபேன் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளின் எண்ணைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறோம்.