அதிகம் ஆடும் லூப்பும் மோசமான லூப்பும்

ஜூரோங் தீவில் நான் வேலை பார்க்கும் ஆலையில் இரண்டு வெப்பநிலை லூப்புகள் உண்டு. லூப் என்பது வெப்பநிலையை அளந்து, அதற்கேற்ப வால்வைத் தானாக அசைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று. ஒன்று காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் நடுத்தட்டில் இருக்கிறது. அதன் திட்ட விலக்கம் 0.9 டிகிரி. இன்னொன்று சூடான, குளிர்ந்த ஓட்டங்கள் கலந்து போகும் நீண்ட குழாயில் இருக்கிறது. அங்கே 2 டிகிரி. பேனலில் உட்காரும் மூத்த அண்ணன் இரண்டாவதைக் காட்டி, "தம்பி, இதைச் சரி பண்ணு, ராத்திரி முழுக்க ஆடுது" என்பார். முதல் லூப்பைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

விலகலின் அளவை மட்டும் பார்த்து ஒரு லூப்பை எடை போட முடியாது என்பதை இந்த இரண்டையும் வைத்துத்தான் புதிதாக வரும் பொறியாளர்களுக்கு விளக்குகிறேன். வால்வை இப்போது அசைத்தால், அதன் விளைவு தெர்மாமீட்டரில் தெரியச் சிறிது நேரம் ஆகும். அந்தத் தாமதத்துக்குள் புதிதாக நுழையும் எந்தக் குலைவையும் எந்தப் பின்னூட்டக் கட்டுப்பாட்டாலும் தடுக்க முடியாது. தாமதம் கடந்த பிறகும் அதே குலைவின் தடம் மிச்சமிருந்தால் மட்டுமே கட்டுப்பாட்டைக் குறை சொல்லலாம். அதாவது, இன்றைய விலகலை வைத்து, தாமத நேரத்துக்கு அப்பால் வரப்போகும் விலகலைக் கணிக்க முடிகிறதா? முடிந்தால், கட்டுப்பாடு அதை முன்பே நீக்கியிருக்கலாம்.

குறைந்தபட்ச வேரியன்ஸ் கட்டுப்பாடு என்பது கணிக்கக்கூடிய அந்தப் பகுதியை முழுவதும் அழித்துவிடும் கட்டுப்பாடு. வேரியன்ஸ் என்பது திட்ட விலக்கத்தின் வர்க்கம். 1960களில் சுவீடனின் பில்லெருட் காகித ஆலையில் ஐ.பி.எம். குழுவோடு கார்ல் யோஹான் ஓஸ்ட்ரோம் செய்த வேலையில் இது உருவம் பெற்றது. காகிதத்தின் ஏற்ற இறக்கம் சுருங்கினால், குறிவைக்கும் அளவான செட் பாயிண்டைத் தர எல்லைக்கு இன்னும் அருகில் தள்ளலாம். 1989-ல் தாமஸ் ஹாரிஸ் அதை ஓர் அளவுகோலாக மாற்றினார். லூப்பில் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். வழக்கமாகப் பதிவாகும் தரவும் தாமத நேரமும் தெரிந்தால் போதும் என்று காட்டினார்.

நடுத்தட்டு லூப்பை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு தரவு. வால்வின் விளைவு மூன்றாவது நிமிடத்தில்தான் தெரியும். தரவுக்கு, கடந்த மதிப்புகளை வைத்து அடுத்ததைக் கணிக்கும் ஒரு தன்பின்னடைவு மாதிரியைப் பொருத்தினால், ஒரு குலைவு அடுத்தடுத்த நிமிடங்களில் விடும் தடம் கிடைக்கும்: 1, 0.8, 0.6, இப்படிப் போகும். முதல் மூன்றும் தாமதத்துக்குள் வருவதால் யாராலும் தொட முடியாது. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 2. ஒவ்வொரு நிமிடமும் புதிதாக நுழையும் குலைவின் வேரியன்ஸ் 0.1. ஆக, எட்டக்கூடிய குறைந்தபட்ச வேரியன்ஸ் 0.2, உண்மையில் இருப்பது 0.81. விகிதம் சுமார் 0.25. விலகலைப் பாதியாக்க இடமிருக்கிறது, ஆனாலும் யாரும் புகார் சொல்லவில்லை!

இந்த விகிதம் நோயைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இப்போதைய விலகலுக்கும் பிந்தைய விலகலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் தன்தொடர்பு வளைவை வரைந்தபோது அது அலையாக மேலும் கீழும் போனது. கட்டுப்பாட்டை மேனுவலில் போட்டதும் அலை நின்றது; வால்வின் தண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங்கைச் சரிசெய்த பிறகு விலகல் 0.55-க்கு இறங்கியது. 0.45 வரை போக நான் முயலவில்லை. அந்த எல்லையைத் தொடும் கட்டுப்பாடு வால்வைக் கடுமையாக ஆட்டும், தாமதக் கணக்கில் சிறு பிழை வந்தாலும் தடுமாறும். அது ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் மட்டுமே.

தரவை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஆலையின் தரவைச் சேமித்து வைக்கும் ஹிஸ்டோரியன் இடத்தை மிச்சப்படுத்தச் சில புள்ளிகளை விட்டுவிட்டு நடுவில் நேர்கோடு போடும். நேர்கோட்டை எளிதாகக் கணிக்கலாம், அதனால் நல்ல லூப்பும் மோசமாகத் தெரியும். அமுக்கப்படாத தரவைத்தான் கேட்டு வாங்குவேன்.

அண்ணன் காட்டிய குழாய் லூப்பில் வேரியன்ஸ் 4, குறைந்தபட்சம் 3.4. விகிதம் 0.85. தன்தொடர்பு ஆறு நிமிடத் தாமதத்துக்குப் பிறகு ஏறக்குறைய பூஜ்யம். ட்யூனிங்கில் கைவைத்துப் பயனில்லை. "அப்போ விட்டுடலாமா?" என்றார். தெர்மாமீட்டர் செருகப்பட்டிருக்கும் தெர்மோவெல்லை, ஓட்டங்கள் கலக்கும் இடத்துக்கு அருகே நகர்த்தச் சொன்னேன். தாமதம் இரண்டு நிமிடமானது. வேரியன்ஸ் 3.2-க்குக் குறைந்தது, ஆனால் விகிதம் 0.38-க்குச் சரிந்தது. மாதாந்தர அறிக்கையில் அந்தக் கட்டம் சிவப்பாக மாற, மேலாளர் காரணம் கேட்டார். தாமதம் குறைந்ததும் எல்லையே 1.2-க்கு இறங்கிவிட்டது, பழைய மெதுவான ட்யூனிங் அப்படியே இருக்கிறது என்று விளக்கினேன். அப்புறம் கெயினைக் கூட்டி, இன்டக்ரல் நேரத்தைக் குறைத்தோம். திட்ட விலக்கம் 1.3-க்கு வந்தது. தாமதம் மாறினால் அதைத் தேதியோடு அறிக்கையில் குறித்து, முந்தைய மாத விகிதத்தோடு ஒப்பிடாமல் விடுவது இப்போது எங்கள் வழக்கம்.