ஐம்பது லட்சத்தை அழித்த கதை

சேமிப்பு, அவசர நிதி, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் போடும் எஸ்.ஐ.பி. பற்றிப் பதினோரு நிமிட வீடியோ ஒன்றை எடுத்து முடித்தேன். வீடியோவைவிட அதற்குக் கீழே போடும் டிஸ்கிரிப்ஷன்தான் என்னை இரண்டு ராத்திரி உட்கார வைத்தது.

முதலில் எழுதிய வரி இது: "மாதம் 5,000 போடுங்கள், 20 வருடத்தில் 50 லட்சம் எடுங்கள்!" கணக்கில் தப்பில்லை. ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தால் கால்குலேட்டர் ஏறக்குறைய அதைத்தான் காட்டும். முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்திருக்கும் என் மச்சானிடம் காட்டினேன். "அந்த 12-ஐ உனக்கு யார் எழுதிக் கொடுத்தது? 8 போட்டுப் பாரு" என்றார். போட்டேன். கிட்டத்தட்ட 29.6 லட்சம். இருபது லட்சத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது. நான் கையிலிருந்து போடும் 12 லட்சம் மட்டும் இரண்டிலும் மாறவில்லை.

சரி, கீழே ஒரு டிஸ்கிளைமர் போட்டால் போச்சு என்று நினைத்தேன். "கல்வி நோக்கத்துக்காக மட்டும்" என்று கடைசியில் எழுதினேன். போனில் திறந்து பார்த்தால் மேலே ஓரிரு வரிதான் தெரிகிறது, மற்றதெல்லாம் "...more" என்பதற்குள். ஆசை காட்டும் வரி வெளியே, எச்சரிக்கை உள்ளே!

அதைவிட முக்கியமாக மச்சான் சொன்னது: ஒரு ஃபண்டின் பெயரைச் சொல்லி "இதை வாங்குங்கள்" என்றால் அது கல்வி இல்லை, ஆலோசனை. அதற்குப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு வேண்டும். டிஸ்கிளைமர் அதை மாற்றாது. போதாக்குறைக்கு, கல்வி மட்டும் தருகிறவர் பங்குகளின் கடந்த மூன்று மாத விலையை எடுத்துக்காட்டாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சொல்லியிருந்தது. வீடியோவில் போன வார விலை ஒன்றைக் காட்டியிருந்தேன். அந்த நாற்பது நொடியை வெட்டினேன். டீமேட் கணக்கு திறக்கும் லிங்க் போட்டால் கமிஷன் வரும். அதையும் எடுத்துவிட்டேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான்.

கடைசியில் நின்றது இது:

"சந்தை சார்ந்த முதலீட்டில் லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை, போட்ட பணமும் குறையலாம். இந்த வீடியோவில் அவசர நிதி, எஃப்.டி., எஸ்.ஐ.பி. ஆகியவற்றின் அடிப்படை மட்டும். வீடியோவில் வரும் 8, 12 சதவீதம் கணக்குக்காக எடுத்த எண்கள், கணிப்பு அல்ல. நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் அல்ல. எந்தத் திட்டத்தையும் பரிந்துரைக்கவில்லை. முடிவெடுக்கும் முன் பதிவு பெற்ற ஆலோசகரைக் கேளுங்கள். திட்ட ஆவணங்களைப் படியுங்கள்."

எச்சரிக்கை முதல் வரியிலேயே. நிம்மதியாக வீடியோவை வெளியிட்டேன். அப்புறம் மச்சானிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. தம்ப்நெயிலில் மஞ்சள் எழுத்தில் "50 லட்சம்" அப்படியே இருந்தது.